செந்தாமரையின் கோப்புக் காட்சி

அந்த வருஷம் சம்பா நட்டு இருபது நாளில் மழை பிடித்துக்கொண்டது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே செந்தாமரையின் மூன்று மா வயலும் முழுகிக் கிடந்தபோது, ஜாஹித் கேமராவோடு வரப்பில் வந்து நின்றான். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உள்ளூர் டிவி நிருபர்.

"அக்கா, அழுகின பயிரை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டுங்க."

அழுகியது கையோடு கரைந்தது. உயிருள்ள பயிராகப் பிடுங்கி, நாற்றுப் பறிக்கும் பழக்கத்தில் வேரைத் தண்ணீரில் அலசி நீட்டினாள்.

"கழுவாதீங்கக்கா! சேறு இருக்கட்டும். மறுபடி ஒரு தடவை."

சேற்றுக் கையால் முகத்து மழையைத் துடைத்தாள். கண் எரிந்து நீர் வழிந்தது. அதுதான் படமானது.

தண்ணீர் வடிந்தது. பயிர் அழுகிய இடத்தில் வேறு நாற்று நட்டு, தை மாதம் அறுத்தும் விட்டாள். படம் மட்டும் வடியவில்லை. கோடையில் வறட்சி என்று டிவியில் அதே முகம். பிறகு 'பட்டினியில் டெல்டா தாய்' என்று யூடியூபில் ஒருவன் போட்டான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் பரிதி போனில் கத்தினான்.

"சோறு போடாத புள்ளைன்னு சிரிக்கிறானுவம்மா. நான் அனுப்பலையா உனக்கு?"

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. தனி வீட்டில் ஒருத்திக்கு உலை வைப்பதே அவளுக்குப் பாரமாகிவிட்டது.

ஜாஹிதைத் தேடிப் போய், அந்தப் படத்தை நீக்கிவிடச் சொன்னாள்.

"என் கையில இல்லக்கா. எடுத்து அனுப்புறதோட என் வேலை முடிஞ்சுது. தலைப்பு சென்னையில போடுறாங்க. படம் அவங்க சேமிப்புல இருக்கு. பெண் விவசாயி, கண்ணீர்னு தேடினா நீங்கதான் வருவீங்க."

"ஓரமா 'கோப்புக் காட்சி', பழைய படம்னாவது போடக் கூடாதா தம்பி?"

"சில சமயம் போடுவாங்க. பொடி எழுத்துல."

அவனுக்கும் மனசு கேட்கவில்லை. நன்றாக இருப்பதாக ஒரு பேட்டி எடுக்கலாம் என்றான். பரிதி போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, நெல் மூட்டைகளுக்கு முன்னால் நின்று, "எம் புள்ள என்னை நல்லா வச்சிருக்கான்" என்றாள். எங்கும் தடுமாறாமல் சொன்னாள்.

மறுநாள் டிவியில் அவள் குரலே இல்லை. பழைய அழுகை, பக்கத்தில் புதுச் சேலை. 'செய்தி எதிரொலி: நம் ஒளிபரப்பால் கிடைத்தது உதவி. மாறியது ஏழைத் தாயின் வாழ்வு.'

ஜாஹித் போன் பண்ணினான். "நல்லா இருக்கிறது செய்தி இல்லைன்னுட்டாங்கக்கா. வேற மாதிரி போட்டுக்கிறோம்னாங்க, எப்படின்னு சொல்லல. எனக்கே டிவியில பாத்துதான் தெரியும்."

அன்று சாயங்காலம் பரிதியே கூப்பிட்டான்.

"யாரும் எதுவும் குடுக்கலடா. எல்லாம் நீ வாங்கினது" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? சேலையை நான்தானே எடுத்தேன்."

"அப்புறம் என்னய்யா?"

"ரூம்ல இருக்கிறவனுக்கெல்லாம் யாரு சொல்றது? ஊரான் உதவியில உங்கம்மா பொழைக்குதுன்னு..." பேச்சை மாற்றினான். "பொங்கலுக்கு லீவு இல்லம்மா. பாப்போம்."

அவன் வரவில்லை. பொங்கலன்று செந்தாமரை புது அரிசியில் அவனுக்கும் சேர்த்து அரைப்படி போட்டுப் பொங்கினாள். பாதி மிஞ்சியது.