தார் ரோட்டில் தெரியாத தழை

லாரி ஓட்டுகிறவர்களைச் சோதிப்பதற்கு ஒரு பொய் லாரி செய்வதுதான் எங்கள் தொழில். மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் அலுவலகம். ஸ்டீயரிங் நிஜம், சீட் நிஜம், பிரேக் பெடல் நிஜம். எதிரே இருக்கும் மூன்று பெரிய திரைகளில் ஓடுகிற சாலை மட்டும் பொய். அந்தச் சாலையையும் மரங்களையும் வண்டியின் முன்கண்ணாடியையும் வரைகிற நிரல் என் பொறுப்பு.

எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எழுதிவைத்திருந்த முறை பழையது: ஒளி ஊடுருவுகிற பொருள்களையெல்லாம் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தி, தொலைவில் இருப்பதை முதலிலும் அருகில் இருப்பதைக் கடைசியிலும் வரைவது. சுவரில் படம் வரைகிற பெயின்டர் முதலில் வானத்தையும் பிறகு மலையையும் கடைசியில் மாட்டையும் வரைவது போலத்தான்.

கண்ணாடிக்கு அது போதும். இலைகளில்தான் வம்பு. எங்கள் புளியமரம் என்பது, இலைக்கொத்துப் படம் ஒட்டிய அட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியது. இலை ஓரம் மென்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றையும் கண்ணாடியைப் போலவே ஒளி ஊடுருவும் பொருளாக வைத்திருந்தோம். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு அட்டைகளில் எது முன்னால், எது பின்னால்? பாதி இது முன்னால், பாதி அது முன்னால். எந்த வரிசையும் சரியாக வராது. லாரி மரத்தைக் கடக்கும்போது வரிசை சட்டென்று மாறும், இலைகள் துள்ளும். பார்த்தவர்கள் மரத்துக்கு வலிப்பு வந்ததா என்று கேட்டார்கள்.

நான் வரிசையே வேண்டாத முறையைக் கொண்டுவந்தேன். அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாப் பொருளும் தன் நிறத்தை எந்த வரிசையில் வேண்டுமானாலும் வந்து ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகும். அருகில் இருப்பதற்கு எடை அதிகம், தொலைவில் இருப்பதற்குக் குறைவு. கடைசியில் எடைபோட்ட சராசரி ஒன்றை எடுத்து, அதைத்தான் திரையில் காட்டும். உண்மையான விடை அல்ல, தோராயம்தான். ஆனால் துள்ளல் அடியோடு நின்றுபோகும்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "கண்ணாடிக்கு வேணா வச்சுக்கோப்பா. இலை கண்ணாடி இல்ல. ஒரு இடத்துல இலை இருக்கும், இல்லன்னா இருக்காது. அதுல என்னா சராசரி?" என்றார்.

"நீங்க எழுதினத மாத்தறேன்னு கோபமாக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் இருக்கும்போதுதான் கேட்டேன். அவர் தன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அன்று முழுக்க எனக்கு ஒரு மிதப்பு.

மாற்றினேன். மரங்கள் அமைதியாயின. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தூரத்து மரங்கள் மட்டும் கொஞ்சம் வெளிறி, சாம்பல் பூத்துத் தெரிந்தன. ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். "ஓசூர் காலைப்பனி மாதிரியே இருக்கு பாருங்க" என்று முதலாளியிடம் பெருமையடித்தேன். அவருக்கும் பனி பிடித்துப்போயிற்று.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு லாரி கம்பெனியின் யார்டில் அதைக் கொண்டுபோய் வைத்தோம். புதிதாக வேலைக்கு எடுக்கும் டிரைவர்களுக்கு அங்கே தேர்வு. ஓட்டுகிறவர் திரைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மேஜையில் தனியாக ஒரு மானிட்டர். கம்பெனி அதிகாரியும் நானும் வேலைக்கு வந்த மற்றவர்களும் அதில் பார்த்துக்கொண்டு நிற்போம். மானிட்டரில் தெரிவது லாரிக்கு மேலிருந்து பார்க்கிற காட்சி. அதில் முன்கண்ணாடி கிடையாது.

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். அஞ்செட்டி மலைப்பாதையில் பல வருஷமாகச் சரக்கு வண்டி ஓட்டியவர். கம்பெனி வேலை என்றால் மாதச் சம்பளம், பிள்ளைகளை ஓசூரில் படிக்கவைக்கலாம் என்று வந்திருந்தார். கூடவே அவர் ஊர்க்காரரான ஒரு சிநேகிதரும் வந்திருந்தார். அவர்தான் இந்த வேலை இருப்பதாகச் சொல்லி இவரை அழைத்து வந்தவர்.

மலைக்காரர் நன்றாக ஓட்டினார். கியர் மாற்றுகிற சத்தமே தெரியாது. தேர்வில் வழியில் பழுதாகி நிற்கும் லாரி ஒன்று வரும். வழியில் லாரி நின்றுவிட்டால் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று நம் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து மரத்தில் தழையை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலிருந்தே ரோட்டில் போட்டுவைப்பார்கள். தழையைப் பார்த்ததும் பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். நாங்களும் அதையே தேர்வில் வைத்திருந்தோம். மற்றவர்களுக்கு லாரி நேர்ரோட்டில் நின்றது, தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இவருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது. வளைவுக்கு முன்னால் தழை.

மானிட்டரில் பச்சைப்பசேல் என்று தழை கிடந்தது. அவர் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார். வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தார், நேரமில்லை. லாரியின் பின்பக்கத்தில் போய் மோதினார்.

"தழையே போடலீங்களே சார். போட்டிருந்தா நின்னிருப்பேன்" என்றார், திரும்பாமலேயே.

"ஆடு மாடு கண்ணுக்குக்கூடத் தெரியுற தழை. நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்" என்றது ஒரு குரல், ஸ்பீக்கரில் இரைகிற என்ஜின் சத்தத்துக்கு நடுவே. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரித்தார். மலைக்காரர் சீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தாளில் "கண்பார்வை சந்தேகம்" என்று அதிகாரி எழுதினார். சிநேகிதர் தேர்வில் ஜெயித்து வேலையில் சேர்ந்தார்.

அடுத்த வாரம் ஸ்டீயரிங்கில் ஏதோ கோளாறு என்று குருபரப்பள்ளிக்குப் போனேன். சரிபார்ப்பதற்காக நானே உட்கார்ந்து ஓட்டினேன். எனக்கும் அதே வளைவு வந்தது. தழை எங்கே கிடக்கும் என்று தெரிந்த எனக்கே அது தெரியவில்லை. வண்டியை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தழை இருந்தது. அதன் வடிவம் அச்சு மாறாமல் இருந்தது. நிறம்தான் தழையுடையதாக இல்லை. சாம்பல் ரோட்டின் மேல் சாம்பல் தழை.

காரணம் அங்கேயே புரிந்துவிட்டது. முன்கண்ணாடி டிரைவரின் முகத்துக்கு நேரே இருக்கிறது. லேசான சாம்பல் சாயம்தான், ஆனால் மிக அருகில் இருப்பதால் என் கணக்கில் அதற்கு மலையளவு எடை. மரத்தைப் போலவே இலை அட்டைகளால் செய்து, நாற்பது மீட்டருக்கு அப்பால் போட்டிருக்கிற தழைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். ரோட்டை மறைக்கிற வேலையைத் தழை முழுசாகச் செய்கிறது, நிறம் என்று வரும்போது சராசரியில் கண்ணாடியின் சாம்பல் ஜெயித்துவிடுகிறது. அக்காவின் பழைய முறையில் மரம் துள்ளியிருக்கும், ஆனால் முதலில் பச்சைத் தழை, அதன்மேல் மெல்லிய சாயம் என்று இது ஒழுங்காக வந்திருக்கும். நான் பெருமையடித்த பனியும் இதேதான். பின்னாலிருந்த மானிட்டரில் கண்ணாடி இல்லாததால் எங்களுக்கு மட்டும் எல்லாம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. அவர் பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அவருக்குக் கண் இல்லை என்றோம்.

அலுவலகம் திரும்பி அக்காவிடம் சொன்னேன். குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதுகூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலைகளைக் கண்ணாடிக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்தோம். ஒவ்வொரு புள்ளியிலும் இலை உண்டு அல்லது இல்லை, இரண்டில் ஒன்று என்று வெட்டிவிட்டோம். உண்டு என்றால் அது சுவர் போலத்தான். தன் தூரத்தைத் தானே பதித்துப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும், வரிசையும் வேண்டாம், சராசரியும் வேண்டாம். ஓரங்கள் கொஞ்சம் சொரசொரத்தன, அதற்குத் தனியாகப் பூச்சு போட்டோம். மிச்சமிருந்த சில கண்ணாடிகளுக்குப் பழைய வரிசையே போதுமானதாக இருந்தது.

"அந்த ஆளுகிட்ட சொன்னியா?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

கம்பெனி அதிகாரி அவரை மறுபடி தேர்வுக்குக் கூப்பிடச் சம்மதித்தார். போனில் சொல்லியிருக்கலாம். அக்கா கேட்ட விதத்தில் போனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அஞ்செட்டி வழியாக மலையேறினேன்.

அவர் வீட்டு வாசலில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். சரக்கு வண்டி ஓரமாக நின்றது, அதன் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. "ஓட்டறதில்லீங்க. கண்ணு சரியில்லன்னுட்டீங்களே" என்றார். தர்மபுரி வரை போய்ப் பார்த்தாராம். கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டரும் சொன்னாராம். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று அவர் மனைவிக்குப் பயம். பிள்ளைகளை பைக்கில்கூட ஏற்ற விடுவதில்லை.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தழை போட்டிருந்தோம், ஆனால் உங்களுக்குத் தெரியாத மாதிரி போட்டிருந்தோம், தப்பு என்னுடையது, உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை, மறுபடி தேர்வுக்கு வாருங்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு நல்லாருக்குன்றீங்க, சந்தோஷம். அன்னிக்கு அத்தினி பேரும் சிரிச்சாங்களாமே. அதுவும் உங்க கம்ப்யூட்டரு பண்ணுனதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. சிரிச்சது நாங்கதான்."

"அத விடு. சிரிச்சவங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் மனைவியை அடக்கினார். "கூடவே வந்துட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னான் பாருங்க, அவன் மேலதான். பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கம். அன்னியில இருந்து அவன் மூஞ்சியிலயே முழிக்கறதில்ல. ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தான், கதவத் தொறக்கல."

அன்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகுக்குப் பின்னால் பேசியது யார் என்று அவருக்குத் தெரியாது. அங்கேயே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன், அதையும் மறைக்கப் போவதில்லை.

"அது அவர் சொல்லலீங்க. நான் சொன்னது" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஓர் எண்ணைத் தேடி, காதில் வைத்துக்கொண்டு கேழ்வரகைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. சிநேகிதர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.