அம்மணி எழுதிய கடிதமும் பென்னி திருத்திய கடிதமும்

சவுரிமுத்து எனக்குப் பெரியப்பா மகன். அவருக்கு நாலு பிள்ளைகள், கடைசிப் பெண் அம்மணி. அவளை யேசுதாசனுக்குக் கட்டிக்கொடுத்த அன்று கல்யாணப் பந்தலுக்கு ஷாமியானா இழுத்துக் கட்டியவன் நான். யேசுதாசன் ஆறு வருஷத்துக்கு முன்னால் லாரி மோதிச் செத்துப்போனான். அதிலிருந்து அம்மணி காட்டாங்குளத்தூரில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். மாதம் பன்னிரண்டாயிரம். வீட்டு வாடகை நாலாயிரம்.

மகள் யூனிஸ் நர்ஸிங் மூன்றாம் வருஷம். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தருகிறது, வட்டி கிடையாது, வேலைக்குப் போனதும் திருப்பித் தரவேண்டும் என்று மெஸ்ஸில் யாரோ சொன்னார்கள். அம்மணி அன்றே உட்கார்ந்து, பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கடிதம் எழுதிவிட்டாள். பிழை நிறைய. ஆனால் எல்லாம் இருந்தது. சம்பளம் பன்னிரண்டாயிரம், வேண்டியது நாற்பதாயிரம், யூனிஸுக்கு வேலை கிடைத்ததும் மாதம் இரண்டாயிரமாகக் கட்டிவிடுவோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

யேசுதாசனின் தம்பி பென்னி தாம்பரத்தில் ஒரு ஸ்கூல் ஆபீஸில் கிளார்க். குடும்பத்தில் மனு எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அண்ணி இது? மளிகை லிஸ்ட்டாட்டம் கீது."

"உனக்குத் தெரிஞ்ச மாதிரி சரி பண்ணிக் குடுப்பா."

சிவப்புப் பேனாவை எடுத்தான். முதலில் சம்பளத்தை அடித்தான்.

"தாசில்தார் சர்ட்டிபிகேட்ல வருஷத்துக்கு எழுவத்திரண்டாயிரம்னு கீதே, இங்க வேற எழுதினா கிழிச்சிப் போட்டுடுவான்."

நாலு மாதத்துக்கு முன் ஸ்காலர்ஷிப்புக்காக வாங்கிய வருமானச் சான்றிதழ் அது. ஆன்லைனில் மனு ஏற்றிக்கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரன், "எல்லாரும் எழுவத்திரண்டுதான் போடுவாங்க அக்கா, பேஜார் இல்லாம வரும்" என்று அவனாகவே போட்டுவிட்டான். அப்படியே கையெழுத்தாகியும் வந்துவிட்டது.

பிறகு கடைசி வரியையும் அடித்தான். "வேலை கிடைச்சதும்னா எந்தக் காலத்துல? அடுத்த மாசத்துலருந்து மூவாயிரம்னு போடு. அப்பதான் மரியாதியான குடும்பம்னு நம்புவான்."

"மூவாயிரத்துக்கு நான் எங்க போவேன்?"

"அவன் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கறது வேற, குடுத்தப்புறம் கேக்கறது வேற அண்ணி. நீ கம்முனு இரு."

டைப் அடித்துக் கொண்டுவந்தான். வழவழப்பான தாள். 'தங்கள் மேலான கருணையை வேண்டி' என்று ஆரம்பித்தது. அம்மணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை டிரஸ்டுக்குத் துணையாக நான்தான் போனேன். யக்ஞநாராயணன் என்று ரிட்டையர்டு பாங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். கடிதத்தையும் கூட வைத்திருந்த வருமானச் சான்றிதழையும் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம்னா மாசம் ஆறாயிரம். வாடகை எவ்வளவு?"

"நாலாயிரம் சார்."

"அதுல எங்களுக்கு மூவாயிரம் தர்றேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் சேர்ந்தே ஏழாயிரம். சாப்பாடு? ஒண்ணு வருமானம் பொய், இல்ல வாக்கு பொய்."

அம்மணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து நோட்டுத் தாளை எடுத்து நீட்டினாள், சிவப்புக் கோடுகளோடு. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இதையே கொடுத்திருக்கலாமேம்மா. எங்க வரம்பு வருஷத்துக்கு ரெண்டு லட்சம். உங்க வருமானம் ஒண்ணு நாப்பத்திநாலு. தாராளமா உள்ளதான் இருக்கு."

"அப்ப இதயே வச்சிக்கினு குடுங்க சார்."

"சர்ட்டிபிகேட் வேற சொல்லுதே. கமிட்டி முன்னால எப்படி வைப்பேன்? சரியான சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அடுத்த கமிட்டி ஜூன்ல."

"நாளைக்கு கடைசி நாள் சார்."

அவர் இரண்டு கடிதங்களையும் சான்றிதழையும் ஒன்றாக அடுக்கிப் பின் குத்தித் திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அந்த வருஷம் யூனிஸ் பரீட்சை எழுதவில்லை. கேளம்பாக்கத்தில் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அங்கேயே தங்கல். ஜூன் வந்தது. விட்டுப் போனதால் முழு வருஷ ஃபீஸையும் மறுபடி கட்டவேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அம்மணி டிரஸ்ட் பக்கம் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் அவள் வீட்டில் கூடினோம். யூனிஸுக்கு லீவு கிடைக்கவில்லை. பென்னி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "லெட்டர்ல ஒரு குறை கிடையாது சித்தப்பா. அவனுங்களுக்கு மனசு இல்ல."

அம்மணி கேக் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு பென்னி," என்றாள்.