கண்ணாடி அறை வடை

ஒரகடம் பக்கம் ஒரு பிரேக் பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். தராசு என்னிடம் இருந்த ஒரே பாவத்துக்காக என்னைக் கேண்டீன் கமிட்டியில் போட்டார்கள். வந்த முதல் புகார், வடை ஒன்று போல் இல்லை என்பது.

பதினொரு வடை எடுக்கப் போனேன். பத்திலேயே பாத்திரம் காலி. பரிமாறுகிறவர் உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தார்.

பிரேக் பாகங்களை நிறுக்கும் தராசில் வடைகள் வரிசையாக ஏறின. சிறியதிலிருந்து பெரியதாக எழுதினால், கிராமில் 38, 40, 41, 41, 42, 42, 43, 43, 44, 45, 58.

கமிட்டியில் இருந்த திருநெல்வேலிக்கார ஆபரேட்டர் 38ஐப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குட்டி வடைதான் திருட்டு, மேடம்."

பலகையில் போட்டுக் காட்டினேன். நடு எண் 42. அதற்குக் கீழே உள்ள ஐந்தின் நடு 41, மேலே உள்ள ஐந்தின் நடு 44. இடைவெளி மூன்று, அதன் ஒன்றரை மடங்கு நாலரை. 41இலிருந்து கழித்தால் கீழ்வேலி 36.5, 44உடன் கூட்டினால் மேல்வேலி 48.5. இந்த இரண்டு வேலிக்கும் வெளியே விழுவதுதான் கூட்டத்தோடு ஒட்டாத எடை.

"38 வேலிக்குள்ளதான் இருக்கு. வெளியே நிக்கிறது 58 மட்டும்."

"அப்போ குட்டி வடைய சரின்னு சொல்லுதீங்களா?" அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

வாலாஜாபாத்துக்காரரான கேண்டீன் காண்டிராக்டர் குஷியாகிவிட்டார். "அந்த ஒண்ண தூக்கிடு மேடம். கை தவறி மாவு ஜாஸ்தி வுழுந்துகீது."

"வேலி தாண்டினா தூக்கணும்னு இல்ல. ஏன் தாண்டிச்சுன்னு கேக்கணும்."

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அது கண்ணாடி ரூம் வடை மேடம். சாருக்குன்னு தனியா சுடுறது."

கேண்டீன் ஓரத்தில் அதிகாரிகளுக்கென்று தடுத்த கண்ணாடி அறையில் சாப்பிடுகிற ஒரே சார் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர். கமிட்டித் தலைவராக எங்களோடு உட்கார்ந்திருந்தவரும் அவரே. சட்டையில் ஒட்டியிருந்த வடைத்துணுக்கைத் தட்டிவிட்டு, "சரி, மத்ததெல்லாம் வேலிக்குள்ளதானே? புகாரை முடிச்சுடலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேலி சொல்றது வடைங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னுதான் சார். காண்டிராக்ட்ல ஒரு வடை குறைஞ்சது அம்பது கிராம்னு இருக்கு."

எல்லோரும் பலகையைப் பார்த்தோம். ஒப்பந்தப்படி இருந்தது அந்த வேலி தாண்டிய வடை மட்டும்தான்.

"இன்னா மேடம், வடைய போய் இப்டி கணக்கு பாக்கிறியே!" என்றார் காண்டிராக்டர். மேனேஜர் தண்ணீர் குடித்தார். ஆபரேட்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அடுத்த வாரம் வடை பெருத்தது. சட்னி தண்ணீராகிவிட்டது. அதை நிறுக்கச் சொல்லி ஆபரேட்டர் ஒரு கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்தார்.