வியாழனும் ஞாயிறும் வந்த தண்ணீர்

வரதனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மகள் ஏஞ்சல் தலைப்பிரசவத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் எங்களிடம் வந்திருந்தாள். பெண் குழந்தை. விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ஐந்து மாதம் எங்களோடுதான் என்று பேச்சு. நாற்பதாம் நாள் வாக்கில் ஃப்ரிட்ஜ் அடியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. காய்கறிப் பெட்டியை இழுத்தால் கேரட்டெல்லாம் குளித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஃப்ரிட்ஜுக்குக் குழாய் கிடையாது. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தண்ணீர் வந்த நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டேன். இரண்டு வாரத்தில் நான்கு வட்டம். எல்லாமே வியாழன், ஞாயிறு.

"சர்ச்சுக்குப் போற நாளாப் பாத்து வருதா?" என்று என் மனைவி மேரி கேட்டாள்.

"அப்ப வியாழக்கிழமை?"

"அது உன் தலையெழுத்து."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு போதுமென்று ஆகிவிட்டது. ஆரணியிலிருந்து சம்பந்தியம்மா கிரேஸ் பேத்தியைப் பார்க்க வந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தவர், அந்தத் தண்ணீரில் கால் வைத்தார். வழுக்கியது. ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துச் சமாளித்துவிட்டார். குழந்தை கண்கூடத் திறக்கவில்லை. எங்களுக்குத்தான் உயிர் போய் வந்தது.

"இன்னா சம்பந்தி இது? பச்சப்புள்ள இருக்கற ஊட்ல தண்ணிய நிக்க வுட்டுகினு கோடு போட்டு வேடிக்க பாக்குறீங்களா? வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணையும் புள்ளையையும் நான் இட்டுகினு போயிடறேன்."

அவர் சொன்னது நியாயம். அந்த விரல் பிடியை ஒரு வாரத்தில் இழக்கப்போகிறேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

சம்பந்தியம்மா அன்றிரவு எங்களோடு தங்கினார். மறுநாள் காலையில், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் வரதனுக்கு ஆள் அனுப்பினேன். டப்பா இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. ஒரு பழைய டிவிஎஸ், பின்னால் சைக்கிள் டியூபால் கட்டிய டப்பா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவன். அந்த வேலை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அதே வாரம் அவன் வீட்டு ஃப்ரிட்ஜும் நின்றது. கூப்பிட ஆளில்லாமல் தானே திறந்தான். அப்படித்தான் தொழில் வந்தது. கேட்டால், "அது நின்னுது, நான் ஓட ஆரம்பிச்சேன்" என்பான்.

வந்தவன் டப்பாவைத் திறக்கவே இல்லை. முதலில் காய்கறிப் பெட்டித் தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தான். பிறகு என் காலண்டரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தாம்பா."

"சோக்கா எழுதிகிறீங்க பெரியவரே. அக்கா, ஐஸ் கரையறதுக்குத் திருகு நடுவுல ஒரு பட்டன் இருக்குமே, அத என்னிக்கு அமுக்குவீங்க?"

மேரி யோசித்தாள். "புள்ள வந்தப்புறம் கதவத் தொறந்து தொறந்து மூடறமா, ஐஸ் மலையாட்டம் ஏறிக்கிது. புதங்கெழம ராத்திரியும் சனிக்கெழம ராத்திரியும் அமுக்கிட்டுப் படுத்துப்பேன்."

"மறுநா காலையில வியாழனும் ஞாயிறும். அவ்ளோதான்."

கோடு போட்ட எனக்கு இது தோன்றவில்லையே!

வரதன் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியை வெளியே எடுத்தான். உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால். அதன் நடுவில் பட்டாணி நுழையுமளவு ஓட்டை. இத்தனை வருஷம் அங்கே ஒரு ஓட்டை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

"கதவத் தொறக்கசொல்ல வெளிய இருக்கற ஈரக்காத்து உள்ள பூருது. அந்த ஈரந்தான் மேல ஐஸா ஒட்டிக்கிது. பட்டன அமுக்குனா கரைஞ்சு, இந்தச் செவுத்துல எறங்கி, இந்த ஓட்டை வழியாப் பின்னாடி தட்டுக்குப் போவும். தட்டு கம்ப்ரசர் மேல இருக்கு. அந்தச் சூட்டுல காஞ்சிடும். ஓட்டை அடைச்சா தண்ணி எங்க போவும்? கேரட்டுக்குத்தான்."

"அப்ப எங்க ஊட்டுக் காத்துதான் தண்ணியா?" என்றேன்.

"ஆமா. நீங்க வுட்ட மூச்சும் அதுல இருக்கும்."

டப்பாவிலிருந்து மெல்லிய டியூப் ஒன்றையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் எடுத்தான். அவன் அம்மா குப்பம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டிரிப்ஸ் ஏற்ற வாங்கி, பிரிக்காமலே மிஞ்சிய டியூப். அம்மா பிழைத்து வந்துவிட்டார். டியூப் தொழிலுக்கு வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரை அதன் வழியே ஓட்டைக்குள் அழுத்தினான். கம்பியால் குத்தவே இல்லை. "குத்துனா உள்ள டியூப் கிழிஞ்சிக்கும்" என்றான். மூன்று தடவை தண்ணீர் திரும்பி வந்தது. நான்காவது தடவை ஏதோ பச்சையாக மிதந்து மேலே வந்தது.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாது, கொத்தமல்லியா?"

வரதன் உள்ளங்கையில் விரித்தான். வட்ட வட்டமாகக் குட்டி இலைகள். ஒன்றோடொன்று ஒட்டிக் களிம்பாகக் கிடந்தன.

"முருங்கை," என்றான். "இத யாரு ஃப்ரிட்ஜுல வெக்கறது?"

சமையலறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற முருங்கைக்கீரை நல்லது என்பார்கள். பின்வீட்டு மரத்தில் தினம் சாயங்காலம் நான்தான் கொத்துக்கொத்தாக ஒடித்து வருவேன். உருவி ஆய்வது பேஜாரு. துணியில் சுற்றி மூடி வைத்தால் காலையில் இலை தானாக உதிர்ந்திருக்கும். வெளியே வைத்தால் எறும்பு வருமென்று, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில், பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்தேன். துணிக்கு வெளியேயும் உதிர்ந்திருக்கிறது. கம்பித்தட்டின் இடுக்கில் விழுந்து, வாய்க்காலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"காலண்டர்ல வட்டம் போட்டியே, உன் பேரப் போட்டிருக்கலாம்" என்றாள் மேரி.

ஏஞ்சல் சிரிப்பை அடக்க முடியாமல், "உடு மா, நைனா எனக்காகத்தானே வெச்சாரு" என்றாள்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. வரதன் அவரிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து வாய்க்காலில் ஊற்றச் சொன்னான். ஃப்ரிட்ஜைத் திருப்பி டார்ச் அடித்துக் காட்டினான். நாங்கள் நாலு பேரும் தரையில் குந்திப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னாலிருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் நூல்போல ஒழுகித் தட்டில் விழுந்தது.

"நான் ஊத்துன தண்ணியா இது?" என்றார் சம்பந்தியம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "புதங்கெழம பட்டன அமுக்குங்க. வியாழக்கெழம காலையில போன் பண்றேன். ஒரு சொட்டு இருந்தாலும் புள்ள ஆரணிக்கு வந்துடும்."

கிளம்பும் முன் வரதன் ஒரு பழைய நோட்டை எடுத்தான். ஓட்டைகளில் எடுத்ததையெல்லாம் அவன் அதில் டேப் போட்டு ஒட்டி வைக்கிறான். மல்லிகைக் காம்பு. கறிவேப்பிலை. தீப்பெட்டிப் படத்தில் பாதி. காக்களூரில் ஒரு வீட்டில் எடுத்த பொம்மை ஷூ.

"இதெல்லாம் எதுக்குப்பா?"

"ஒவ்வொரு ஊட்லயும் இன்னா சாப்புடுறாங்க, யாரு பொறந்தாங்க, எல்லாம் இதுலயே தெரியும் பெரியவரே. கம்பெனியில பதினோரு வருசம் ஒரே பைப்ப மாட்டினேன். ஒரு நாளும் இப்படி ஒண்ணும் தெரிஞ்சுக்கல."

ஓர் இலையைத் துடைத்து ஒட்டினான். கீழே எழுத, குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்றா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். 'பாப்பா' என்று எழுதிக்கொண்டான்.

புதன் இரவு மேரி பட்டனை அமுக்கினாள். முருங்கைக் கொத்தை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அடைத்து, பரணில் வைத்தேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில் செய்தித்தாளை விரித்தேன். வியாழன் விடியுமுன்பே எழுந்து தாளைத் தடவினேன். மொடமொடவென்று இருந்தது. காய்கறிப் பெட்டியை இழுத்தேன். அடியில் கேரட்டின் மண் காய்ந்திருந்தது.

ஆறரைக்குப் போன் அடித்தது.

"இன்னா சம்பந்தி?"

போனைப் பக்கத்தில் வைத்து, காய்ந்த தாளைக் கசக்கி அந்தச் சத்தத்தைக் கேட்கவிட்டேன்.

"சரி, அஞ்சாம் மாசம் வந்து இட்டுகினு போறேன்," என்றார். "அந்த ஆளு நம்பர அனுப்புங்க. எங்க ஊட்டு ஃப்ரிட்ஜு அடியிலயும் ஈரமாத்தான் கீது. இங்கயும் இன்னாத்த எடுப்பாரோ, பாக்கணும்."