பீச்சாங்கைக் குறிப்பு

என் வீட்டுக்காரியை வக்கீல் ஆபீசில் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வக்கீல் வாயைத் திறந்ததும் இவள் பென்சில் ஓட ஆரம்பிக்கும். சுருக்கெழுத்தில் நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை. நடுவில் அவர் இருமினால் இருமல் மட்டும்தான் விட்டுப்போகும். பதினெட்டு வருஷம் அப்படி ஓடியது. இப்போது அந்த மனுஷன் போனைப் பார்த்துப் பேசுகிறார், போனே எழுதிக்கொள்கிறது. மாசக் கடைசியோடு போதும்மா என்று சொல்லிவிட்டார்.

வேறொரு பெரிய கம்பெனியில் கூட்டம் நடக்கும்போது குறிப்பு எடுத்துச் சுருக்கி எழுத ஆள் கேட்டிருந்தார்கள். இவளுடைய அனுபவம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆங்கிலத் தேர்வில் எழுதுவதிலும் பேசுவதிலும் முப்பதுக்கு இருபத்துநாலு கட்டாயம் வேண்டுமாம். இரண்டு தடவை எழுதினாள். படிப்பதிலும் கேட்பதிலும் கொட்டோ கொட்டென்று மார்க். எழுதுவதில் முதல் தடவை பதினேழு, அடுத்த தடவை பதினெட்டு. பேசுவதில் அதைவிடக் கேவலம். மூன்றாவது தடவைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்கு மேல் கம்பெனி காத்திருக்காது.

நான் லாரி மெக்கானிக், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்கு அந்தத் தேர்வு புரிய ஒரு வாரம் ஆனது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டுரை வரும், மூன்று நிமிஷம் படிக்க வேண்டும். அதில் ஒருத்தர் ஏதோ ஒன்று நல்லது என்று மூன்று காரணம் சொல்லியிருப்பார். பிறகு கட்டுரை மறைந்துவிடும். காதில் ஒரு வாத்தியார் இரண்டு நிமிஷம் பேசுவார், பெரும்பாலும் அந்த மூன்று காரணத்தையும் ஒவ்வொன்றாக உடைப்பார். ஒரே தடவைதான் கேட்கலாம். அப்புறம் கட்டுரை திரும்ப வந்துவிடும், வாத்தியார் வரமாட்டார். அவர் என்ன சொன்னார், அது கட்டுரைக்கு எங்கே இடிக்கிறது என்று இருபது நிமிஷத்தில் எழுத வேண்டும்.

பயிற்சி நிலையத்து மிஸ் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். தாளின் நடுவே ஒரு கோடு போடு. இடது பக்கம் கட்டுரையின் காரணம், ஒன்றுக்கு மூன்று நாலு வார்த்தை போதும், அதுதான் திரும்ப வரப்போகிறதே. வலது பக்கம் இடம் விட்டு வை. வாத்தியார் சொல்வதை எந்தக் காரணத்துக்குப் பதிலோ அதற்கு நேரே எழுது. முழு வாக்கியம் கூடாது.

இவள் கோடெல்லாம் ஒழுங்காகப் போடுவாள். குரல் காதில் விழுந்ததும் கை தன்பாட்டுக்கு ஓடும். கோட்டைத் தாண்டி, தாளின் கடைசிவரை சுருக்கெழுத்து புழுப்புழுவாக நெளியும். வாத்தியார் சொன்ன ஒரு சொல் தப்பாது. சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து கடிகாரம் பிடிப்பது என் வேலை. பத்து நிமிஷம் அந்தப் புழுக்களைப் படித்தே போய்விடும். மிச்சத்தில் அவர் பேசியதை அப்படியே டைப் அடித்துவிடுவாள்.

“அந்த ஆள் என்னதான் சொன்னான்?” என்று கேட்டேன். கடைத்தெருவில் கார் விடக்கூடாது என்பது அன்றைய கட்டுரை.

“இருங்க, பாக்கறேன்.”

“பாக்காம சொல்லு. கேட்டேல்ல?”

“கேட்டா எழுத முடியுமா? எழுதுனா கேக்க முடியுமா?” என்று வெடித்தாள். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

“கார் விடாட்டி வியாபாரம் படுத்துடும், இது எனக்கே தெரியுமே. அதை எழுது.”

“உங்க கருத்தை யாரு கேட்டா? என் கருத்தையே கேக்கலை! அவங்க ரெண்டு பேரு சொன்னதை மட்டும்தான் எழுதணும்.”

பேசுகிற பகுதி இன்னும் மோசம். ஒரு அறிவிப்பை முக்கால் நிமிஷம் படித்து, அதைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டு, அரை நிமிஷத்தில் தயாராகி, ஒரு நிமிஷம் பேச வேண்டும். அங்கே அறிவிப்பு திரும்ப வராது. அரை நிமிஷத்தில் எந்தப் புழுவைப் படிப்பது? “அது வந்து, அது வந்து” என்று இழுப்பாள், மணி அடித்துவிடும். நானும் எழுந்து எழுந்து உட்காருவேன். என்னைப் பார்த்து அவளுக்கு எரிச்சல், அவளைப் பார்த்து எனக்கு.

எட்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பென்சிலை அவள் கையிலிருந்து பிடுங்கி இடது கைக்கு மாற்றினேன்.

“பீச்சாங்கையில எழுது!”

“கிறுக்கு பிடிச்சிருச்சா உங்களுக்கு?”

“உன் சோத்துக்கைக்குத்தான் கிறுக்கு. யாரு வாயைத் திறந்தாலும் ஓடுது. அதைக் கட்டிப்போடு.”

திட்டிக்கொண்டேதான் எழுதினாள். இடது கைக்குச் சுருக்கெழுத்து தெரியாது. சாதாரண எழுத்தே கோணல்மாணலாக, வாத்தியார் நாலு வாக்கியம் முடிப்பதற்குள் ஒரு வார்த்தைதான் வந்தது. முதல் முறை தாளில் நாலே வார்த்தை. இரண்டாவது காரணத்துக்கு நேரே வெறும் இடம். தாளைக் கசக்கி என்மேல் எறிந்தாள்.

மறுநாள் காலை நான் கேட்காமலே இடது கையில் பென்சிலோடு உட்கார்ந்தாள். எழுத முடியாததால் வேறு வழியில்லாமல் கேட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். அதே கடைத்தெருக் கட்டுரைதான். தாளில் இடது பக்கம் ‘கடை லாபம்’, ‘சுத்தக் காற்று’, ‘விபத்து குறைவு’. அதற்கு நேரே வலது பக்கம் ‘சரக்கு வராது’, ‘புகை பக்கத்துத் தெரு’, ‘சைக்கிள் மோதல்’. ஆங்கிலத்தில்தான் எழுதினாள், எனக்காகத் தமிழில் சொன்னாள்.

“சரி, என்ன சொன்னான்?”

தாளைப் பார்க்காமல் சொன்னாள். காரை நிறுத்தினால் புகை ஒழியும் என்கிறது கட்டுரை, ஒழியவில்லை, பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது என்கிறார் வாத்தியார். இப்படி மூன்றும். பிறகு டைப் அடித்தாள். அதில் அவளை அடிக்க ஆளில்லை, பதிமூன்று நிமிஷத்தில் முடித்தாள்.

“மிஸ்கிட்ட காட்டுனியா?” என்று சாயங்காலம் கேட்டேன்.

“காட்டுனேன். இப்பதான் பதில் மாதிரி இருக்காம். கோணக் கையெழுத்தைப் பாத்து, வீட்ல யாராவது சின்னப் பசங்க எழுதுனாங்களான்னு கேட்டா.”

தேர்வன்று அவளை உள்ளே விட்டுவிட்டு எதிர் நடைபாதையில் நடந்தேன். போன் உள்ளே போகக்கூடாதாம், அவளுடையதும் என் பையில் கிடந்தது. பேப்பர் வாங்கினேன், ஒரு வரி ஏறவில்லை. வாசல் காவலாளி இரண்டு தடவை பார்த்துவிட்டு, “சார், நீங்க நடந்து அவங்களுக்கு மார்க் வராது” என்றான். அவன் சொன்னது சரிதான். காலுக்கு அது விளங்கவில்லை.

வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எழுதுறது நல்லா வந்துச்சு. பேசுறதுலதான்...” என்று நிறுத்தினாள்.

“என்ன?”

“பக்கத்துல ஒருத்தன் கத்திக் கத்திப் பேசுனான். பதட்டத்துல பென்சில் சோத்துக்கைக்கு வந்துருச்சு. ஒரு வரி ஓடிருச்சு.”

“அப்புறம்?”

“பென்சிலைக் கீழ வெச்சுட்டேன். கையைத் தொடைக்கு அடியில வெச்சு அதுமேல உக்காந்துக்கிட்டேன். ஒண்ணும் எழுதலை. காதுல பேசுன ரெண்டு பேருல அந்தப் பொண்ணுக்கு அறிவிப்பு பிடிக்கலை, ரெண்டு காரணம் சொன்னா. ரெண்டும் மண்டையில நின்னுச்சு. பேசிட்டேன். போதுமான்னு தெரியலை.”

முடிவு வர ஆறு நாள். அது வரும்போது மாசக் கடைசிக்கு மூன்று நாள்தான் பாக்கி இருக்கும். அந்த ஆறு நாளும் நான் கழற்றிய நட்டை எங்கே வைத்தேன் என்று தேடித் தேடியே பொழுது போனது. அவள் வக்கீல் ஆபீசில் பீரோ சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் பட்டறைக்கே வந்தாள். போனை நீட்டினாள். கிரீஸ் கையோடு வாங்கப் பயந்து குனிந்து பார்த்தேன். எழுதுவதில் இருபத்தாறு. பேசுவதில் இருபத்துநாலு.

“சரியா இருபத்துநாலா? ஒண்ணு குறைஞ்சிருந்தா?”

“குறையலைல்ல? நல்ல வார்த்தை சொல்லவே வராதா உங்களுக்கு?”

அங்கேயே, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்ப்பக்கம் யாரோ நிறையப் பேசினார்கள். இவள் பென்சில் தேடாமல், குறுக்கே விழாமல் கடைசிவரை கேட்டாள். “சரி சார், புதன்கிழமை ஒன்பதரை, மூணாவது மாடி. வேலைக்கு வந்துடறேன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.