ஐம்பதாயிரத்தில் கைக்கு எவ்வளவு

ராஜினாமா கடிதத்தை அன்று மாலைக்குள் மேலாளரிடம் கொடுப்பதாக இருந்தேன். அதற்கு முன், மதிய இடைவேளையில், எனக்குப் புது வேலை பார்த்துத் தந்த, அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள கன்சல்டன்சிக்குப் போனேன். இரண்டு நாற்காலிகள் மட்டும் உள்ள மாடி அறை.

காரணம் என் மனைவிதான். "வருஷம் ஆறு லட்சம், மாசம் அம்பதுன்னு சொல்றீங்களே, அவ்வளவும் அக்கவுண்ட்ல விழுமா?" என்று காலையில் கேட்டாள். எங்கள் வீட்டுக் கடன் தவணை ஒன்றாம் தேதி தவறாமல் வரும். அதைக் கேட்கத்தான் போனேன்.

"சூப்பர் ஆஃபர் சார், முப்பது பர்சன்ட் ஹைக்," என்றாள் அங்கே இருந்த பெண். என் மகள் வயதிருக்கும்.

"சரிம்மா. கைக்கு எவ்வளவு?"

"பி.எஃப்., டாக்ஸ்னு கொஞ்சம் போகும் சார். எல்லா கம்பெனிலயும் போறதுதானே."

கொஞ்சம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஃபர் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னேன். மாதம் ஐம்பதாயிரத்தில் ஐயாயிரம் வேரியபிள். அது வருடக் கடைசியில், அவர்கள் தந்தால் உண்டு. கம்பெனி போடும் பி.எஃப். மூவாயிரமும் அந்த ஐம்பதுக்குள்தான். கிராஜுவிட்டிக்கு ஆயிரத்து இருநூறு, இன்ஷூரன்ஸுக்கு ஐநூறு. மீதியில் என் பங்கு பி.எஃப். இன்னொரு மூவாயிரம், தொழில்வரி இருநூறு.

கால்குலேட்டரை அவளே தட்டினாள். முப்பத்தேழாயிரத்து நூறு.

நான் இப்போது வாங்குவது முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு.

"எப்டிம்மா இது முப்பது பர்சன்ட்?"

அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். "போன்ல மாசம் எவ்ளோ வாங்குறீங்கன்னு கேட்டேன். முப்பத்தெட்டரைன்னீங்க. அதுக்கு மேல முப்பது பர்சன்ட் போட்டு ஆறு லட்சம்னு பேசினேன்."

நான் சொன்னது பிடித்தம் போக வங்கியில் விழுவது. அவள் அதன்மேல் முப்பதைப் போட்டுவிட்டு, விடையைப் புது கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவாக எழுதிவிட்டாள். எங்கள் பட்டறையில் கம்பெனி கட்டும் பி.எஃப்.ஐ யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தெரியாமலா, தெரிந்தேவா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தால்தான் அவளுக்குக் கமிஷன்.

"ஒண்ணும் பிரச்னை இல்ல சார். நீங்க ரிசைன் பண்ணின மெயில எனக்கு அனுப்புங்க. நான் கம்பெனில பேசிடறேன்."

"மொதல்ல பேசும்மா. கைக்கு எவ்வளவுன்னு அவங்க மெயில் அனுப்பட்டும். அப்புறம் ரிசைன் பண்றேன்."

"சார், என்மேல நம்பிக்கை இல்லியா?"

"கடைசிப் பக்கத்துமேலதாம்மா இல்ல."

அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. ராஜினாமா கடிதம் என் டிஃபன் பையிலேயே இருந்தது. மாலை அவள் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் ஒரே கேள்வி: "ரிசைன் பண்ணிட்டீங்களா சார்?" கம்பெனியின் மெயில் மட்டும் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல் ஷிஃப்டுக்குப் போனேன்.