கை காட்டிச் சொன்ன பத்து

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மூன்று சொற்களை நம்பி நின்றது: பசு, காது, பத்து. ‘பசு’வின் கடைசி உகரம் முழுதாக ஒலிக்கும். ‘காது’வில் முன்னால் நெடில் இருப்பதால் அது குறுகிப்போகும். ‘பத்து’விலும் குறுகும்; அங்கே நெடில் கிடையாது, இரட்டித்த தகரம்தான். அப்படியானால் அந்த ‘த்’, நெடிலின் நீட்சியைப் போலவே, அசைக்கு ஓர் எடை கூட்டுகிறது. அந்த எடையின் அலகை மோரா என்போம். இரட்டித்த மெய் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், எடையெல்லாம் இல்லை என்பது எதிர்க்கட்சி. என் வழிகாட்டி எதிர்க்கட்சிக்காரர். ஏற்காட்டு மலைப் பேச்சில் அளந்து காட்டினால்தான் அத்தியாயத்தை ஏற்பேன் என்றிருந்தார்.

அந்த மலையிலுள்ள கொட்டச்சேடு கிராமத்தில், காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அக்கா தன் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தார். பாதியில் எனக்குக் காய்ச்சல். என்னோடு ஆய்வு செய்த தோழி, “நீ படுடி, நான் பாத்துக்கறேன்” என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் கொண்டுவந்ததைக் கணினியில் விரித்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ‘பத்து’வின் உகரம் ஒவ்வொரு முறையும் கத்தரித்து வைத்த மாதிரி குறுகியிருந்தது. மனிதர்கள் அத்தனை சுத்தமாகப் பேசமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சில வாக்கியங்களில் பஸ் ஹாரன் விழுந்திருந்தது. அவற்றைத் திரும்பப் பதிவு செய்ய நானே போனேன். அக்கா மைக் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், என் கையையே பார்த்தார்.

“சொல்லுங்கக்கா.”

“நீ கையக் காட்டு கண்ணு.”

“என்ன கை?”

அக்கா விரல்களை விரித்து, சட்டென்று மூடிக் காட்டினார். “விரிச்சா முழுசாச் சொல்லோணும், மூடுனா வெடுக்குனு முடிச்சுக்கோணும். அந்தப் புள்ளதான் சொல்லிக் குடுத்துச்சு. நொம்பப் பொறுமை கண்ணு அதுக்கு. தப்பாச் சொன்னா மறுபடி மறுபடி சொல்ல வெச்சுது.”

ஒலிப்பதிவில் கை தெரியாது. சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்துபோய்த் தோழியைப் போனில் கூப்பிட்டேன்.

“உனக்காகத்தாண்டி செஞ்சேன். காய்ச்சல்லயும் அதையேதான புலம்பிட்டிருந்த? உன் கைடு முன்னாடி நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான்” என்றாள். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, ஏதோ நான் நன்றி கெட்டவள் போல.

திரும்பி வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அக்காவை அவர் போக்கில் சொல்லச் சொன்னேன். அங்கேயே அளந்தேன். உகரங்கள் முன்னே பின்னே இருந்தன. ஆனாலும் ‘பத்து’ ‘காது’வோடுதான் நின்றது, ‘பசு’வோடு சேரவில்லை. நான் சொன்னது சரி. ஆனால் பழக்கிவிட்ட வாயிலிருந்து வந்த பதிவை எந்த வழிகாட்டியும் ஏற்கமாட்டார், நானே ஏற்கமாட்டேன். வேறொருவரைத் தேடிப் புதிதாகப் பதிவு செய்ய அவகாசமும் இல்லை. அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்.

அவள் சும்மா இருந்திருந்தாலே போதும். நான் ஜெயிப்பேன் என்று அவள் ஒரு நாளும் நம்பவில்லை.